கூடைக்குள் அமிழ்ந்துபோகும் பொருட்களும் தளர்ந்துபோகும் ரிப்பனும்

கேள்வி: வீட்டில் பரிசுக் கூடை கட்டிக் கொடுக்கிறேன். கட்டும்போது வடிவாக இருக்கிறது, போய்ச் சேரும்போது சாமான் எல்லாம் அமிழ்ந்து, ரிப்பனும் தளர்ந்துவிடுகிறது. கடதாசிச் சீவல் இன்னும் கூடப் போடவேண்டுமா?

கூடப் போடாதீர்கள். நீங்களும் என்னைப்போல பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறவர் என்று நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

நான் கிளிநொச்சியில் இருந்து கட்டுகிறேன். தொடங்கின காலத்தில், ஓய்வுபெறும் ஆசிரியை ஒருவருக்குக் கொடுக்க முல்லைத்தீவில் இருந்து ஒரு கூடை கேட்டார்கள். ஒரு அடிக்குக் கொஞ்சம் கூடிய அகலத்தில் பனையோலைக் கூடை. உள்ளே ஒரு பெரிய போத்தல் தேன், பனங்கட்டிக் குட்டான் ஆறு, ஒடியல் மா, எள்ளுப்பாகு, தேயிலை, வாசனைச் சவர்க்காரம் இரண்டு. ஒரு அலுவலகத்தில் மெஷினில் வெட்டி எறிந்த கடதாசியைச் சும்மா வாங்கிவந்து, கூடையின் பாதிக்குமேல் கொட்டி, அதன்மேல் எல்லாவற்றையும் அடுக்கினேன். மாங்குளத்தில் திரும்பி முல்லைத்தீவு போய்ச் சேர்வதற்குள் தேன் போத்தல் சரிந்து அடிக்குப் போய்விட்டது. அதன் பாரத்தில் குட்டான் இரண்டு நசுங்கியிருந்தது. அந்த வீட்டு அம்மா போனில், "என்ன பிள்ளை, பாதிக் கூடை பேப்பர்தானே" என்றார். வாங்கின காசுக்குரிய சாமான் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனாலும் அந்தச் சொல் இன்றைக்கும் சுடுகிறது.

பிழை எங்கே என்று பிறகுதான் விளங்கியது. மெஷினில் நேராக வெட்டிய சீவல் ஒன்றின்மேல் ஒன்று தட்டையாகப் படியும். கையால் அள்ளிப் போடும்போது இடையில் காற்று நிற்பதால்தான் நிறைந்த மாதிரித் தெரிகிறது. குலுக்கலில் அந்தக் காற்று போனதும் எல்லாம் இறங்கிவிடும். கடையில் விற்கும் மடிப்பு மடிப்பான சீவல் அழுத்தினால் திரும்ப எழும்பும், ஆனால் ஒரு கிலோவுக்கு மேல் பாரமான தேன் போத்தலை அதுவும் தாங்காது. சீவல் பாரம் தாங்குகிற சாமானே இல்லை, அது மேற்பூச்சு.

இப்போது நான் கூடையின் அடிக்கு அளவாக மட்டை ஒன்றை வட்டமாக வெட்டிப் போடுகிறேன். தேன் போத்தல் அந்த மட்டையில்தான் நிற்கவேண்டும், பின்பக்கமாக. அதைச் சுற்றிப் பழைய பத்திரிகையை உள்ளங்கை அளவு உருண்டைகளாக இறுக்கிக் கசக்கி நெருக்கமாக அடைப்பேன். அதற்குமேல் மண்ணிறக் கடதாசி ஒரு தாள், இல்லாவிட்டால் பத்திரிகை மை ஓலையிலும் பொதிகளிலும் ஒட்டும். சாமான் அதன்மேல், பாரமானது பின்னால், சிறியது முன்னால். கடைசியாக இரண்டு விரல் உயரத்துக்குச் சீவலை உதிர்த்து இடைவெளிகளுக்குள் செருகினால் போதும். ரிப்பன் கட்டுவதற்கு முன் கூடையை மேசையில் இருந்து ஒரு அங்குலம் தூக்கி, மூன்று தரம் தொப்பென்று வையுங்கள். ஏதாவது அசைந்தால் உருண்டை போதவில்லை.

சவர்க்காரத்தை மட்டும் தனியாகப் பொலித்தீனில் இறுக்கிக் கட்டுங்கள். அந்தக் கூடைத் தேயிலையில் சவர்க்கார வாசம் ஏறியிருந்ததாம், அதையும் கேட்கவேண்டி வந்தது.

ரிப்பன் தளர்வதற்குக் காரணம் முடிச்சு. சாட்டின் ரிப்பன் வழுக்கும். முதல் முடிச்சில் வலது பக்கத்தை இடதின்மேல் போட்டால், பூப் போடும்போது இடதை வலதின்மேல் போடவேண்டும். இரண்டு தரமும் ஒரே பக்கமாகப் போட்டால் பூவின் காதுகள் குறுக்கே கிடக்காமல் மேலும் கீழுமாகத் திரும்பி நிற்கும். அப்படி நின்றால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள், அது வழியில் கழன்றுவிடும். ஒரு அங்குல ரிப்பனில் கை அகலப் பூவுக்கு ஒன்றேகால் யார் வேண்டும். நுனியைச் சரிவாக வெட்டி, மெழுகுதிரிச் சுவாலைக்குப் பக்கத்தால் ஒருதரம் கொண்டுபோனால் நூல் பிரியாது.

முறையாகப் படித்துச் செய்கிறவர்கள் ரெஜிபோம் வைக்கலாம், கம்பி வைத்த ரிப்பன் போடலாம் என்பார்கள். தெரியும். எனக்குப் பத்திரிகை கையில் இருக்கிறது, அதைச் சொன்னேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒரு கூடைக்கு எனக்கு ஒன்றரை மணித்தியாலம் போகிறது. "வீட்டில் இருந்துதானே கட்டுகிறீர்கள், கூலி எதற்கு" என்று கேட்கிறவர்கள், கூடை பின்னித் தருகிற அக்காவிடமும் "ஓலை சும்மா கிடைக்கிறதுதானே" என்று விலை குறைக்கிறார்கள். குருத்தோலை வெட்ட மரத்தில் ஏறுகிறவருக்கு அவர் காசு கொடுக்கிறார். பிறகு காயவைத்து, வார்ந்து, சாயம் போட்டுத்தான் பின்னவே தொடங்குகிறார். அவர் சொல்லும் விலையை நான் ஒருநாளும் குறைத்துக் கேட்டதில்லை, என் விலைச்சீட்டில் கூடையின் விலையைத் தனியாக எழுதி அதை அப்படியே போடுகிறேன்.