"நோ ரிட்டர்ன்" என்று போட்டால் போதுமா?

கேள்வி: மதுரையில் வீட்டிலிருந்தே சுங்குடி சேலை விற்கிறேன். வாட்ஸ்அப் பிசினஸ் கேட்லாக்கில் படம் போடுவேன், இன்ஸ்டாகிராமில் பார்த்தும் ஆர்டர் வரும். போன வாரம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், "படத்தில் நீலம், வந்தது கத்தரிப்பூ நிறம். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்கிறார். கேட்லாக்கில் "நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்" என்று போட்டிருக்கிறேன். நான் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? இனி இப்படி வராமல் இருக்க என்ன செய்வது?

பதில்: கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த ஒரு வரி உங்களை இந்த விஷயத்தில் காப்பாற்றாது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லில் எத்தனை நாள் என்று எழுதியிருந்தால் அந்தக் காலம், எதுவும் எழுதவில்லை என்றால் 30 நாள். அதே சட்டத்தில் பில் தராமல் இருப்பதும் தவறு, பொருளைப் பற்றித் தவறாகச் சொல்லி விற்பதும் தவறு. இன்னொன்றையும் கவனியுங்கள். வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். அதாவது நீங்கள் மதுரையிலிருந்து கோவைக்குப் போய் வர வேண்டியிருக்கும்.

ஆனால் "எனக்குப் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது" என்று ஒருவர் சொன்னால் அது வேறு கதை. அங்கே உங்கள் நிபந்தனை செல்லும், பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே ஒவ்வொரு புகாரிலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: நான் காட்டியதும் அனுப்பியதும் ஒன்றா?

உங்கள் விஷயத்தில் ஒன்றில்லை என்றே நினைக்கிறேன். கத்தரிப்பூ, ஊதா நிறங்களை போன் கேமரா பல நேரம் நீலமாக்கிவிடும். மாலையில் ட்யூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தாலோ, இன்ஸ்டாகிராமுக்காக ஃபில்டர் போட்டாலோ இன்னும் மோசம். நீங்கள் ஏமாற்றவில்லை. ஆனாலும் அவர் நீலம் என்று நம்பித்தான் பணம் அனுப்பினார்.

கணக்கைப் பாருங்கள். ஒரு சேலையை 780 ரூபாய்க்கு வாங்கி, கூரியர் சேர்த்து 1,150 ரூபாய்க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூரியர் 80, கவர் 15 போக உங்களுக்கு மிச்சம் 275. திரும்ப வாங்கினால் போன கூரியர் 80, வரும் கூரியர் 80, கவர் 15, ஆக 175 ரூபாய் நஷ்டம். சேலை உங்கள் கையில் இருக்கிறது, சரியான நிறம் சொல்லி இன்னொருவருக்கு விற்கலாம். ஒரு சேலையின் லாபத்தைக் கூட இந்தத் தகராறு முழுதாகத் தின்னவில்லை. வரும் கூரியர் செலவையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள், தவறு உங்கள் படத்தில் இருக்கிறது.

இனி படம் எடுக்கும்போது காலை வெளிச்சத்தில், வெயில் நேராக விழாத வராண்டாவிலோ ஜன்னல் ஓரத்திலோ சேலையை விரியுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். படத்தில் அந்தத் தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் சேலையின் நிறமும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம், திரும்ப எடுங்கள். அப்படியும் நிறம் சரியாக வரவில்லை என்றால் விவரத்தில் வாயால் சொல்வதுபோல எழுதிவிடுங்கள்: "படத்தில் நீலமாகத் தெரியும், நேரில் கத்தரிப்பூ நிறம்." பத்து நல்ல படங்களைவிட இந்த ஒரு வரி அதிகம் உதவும்.

சுங்குடி என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தப் பெயருக்கு மதிப்பு வந்ததே கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் வேலையால்தான். இன்று சுங்குடி என்று விற்பதில் பலவும் மெழுகு அச்சு, ஸ்கிரீன் பிரிண்ட். அவையும் நல்ல சேலைகளே, விலையும் குறைவு. ஆனால் பிரிண்ட்டைக் கைமுடிச்சு என்று எழுதக் கூடாது. கைமுடிச்சில் புள்ளிகள் ஒன்றுபோல இருக்காது, ஓரம் சற்றுக் கலைந்திருக்கும். ஸ்கிரீன் பிரிண்ட்டில் புள்ளிகள் அச்சடித்தாற்போல ஒரே அளவில் இருக்கும், பின்பக்கம் மங்கலாகத் தெரியும். சந்தேகம் என்றால் சாயப் பட்டறைக்காரரிடம் கேட்டு, அவர் சொன்னதையே எழுதுங்கள். நீளம் எத்தனை மீட்டர், பிளவுஸ் உண்டா இல்லையா என்பதும் கட்டாயம் வேண்டும்.

அப்புறம் சாயம். அடர்ந்த நிறம் முதல் அலசலில் கொஞ்சம் விடும், அது குறையல்ல. உப்பு நீரில் தனியாக அலசச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டைப் பார்சலில் வையுங்கள். சொன்னபடி அலசியும் வெள்ளைப் புள்ளிகளில் நிறம் ஏறிவிட்டது என்றால் அது குறைதான், திரும்ப வாங்க வேண்டும். அனுப்புவதற்கு முன்பு ஈரமான வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தால் அதிகமாகச் சாயம் விடும் சேலை அப்போதே தெரிந்துவிடும்.

"நோ ரிட்டர்ன்" வரிக்குப் பதிலாக இப்படி எழுதலாம்:

"கிழிசல், கறை, தவறான சேலை, படத்துக்கும் நேரிலும் பெரிய நிற வேறுபாடு இருந்தால் வந்து 7 நாளுக்குள் சொல்லுங்கள். கூரியர் செலவு எங்களுடையது, முழுப் பணமும் தருவோம். பிடிக்கவில்லை என்பதற்குத் திரும்ப வாங்குவதில்லை."

இதை வாட்ஸ்அப் பிசினஸில் குவிக் ரிப்ளையாகச் சேமித்து, `/return` என்று ஒரு சுருக்கம் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு ஆர்டரிலும் இரண்டு தட்டில் போய்விடும். பணம் அனுப்பும் எண்ணைத் தருவதற்கு முன்பு இதை அனுப்பி, அவர் "சரி" என்று சொன்ன பிறகே தாருங்கள். கேட்லாக்கில் எங்கோ எழுதியிருந்தது என்பதைவிட அந்தச் "சரி" வலுவான சாட்சி. அந்த உரையாடலில் தானாக மறையும் செய்தி வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் உங்கள் சாட்சி சில நாளில் காணாமல் போய்விடும். அதே 7 நாளைப் பில்லிலும் எழுதிவிடுங்கள். கையால் எழுதிய பில்லைப் படம் எடுத்து அனுப்பினாலும் போதும்.

பார்சல் பிரிக்கும் வீடியோ கேட்கலாம், தவறில்லை. ஆனால் வீடியோ இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கண்ணுக்குத் தெரியும் கிழிசலை மறுக்காதீர்கள். அதைவிட, மடிப்பதற்கு முன்பு சேலையை வெளிச்சத்தில் பிடித்து நீங்களே 30 வினாடி வீடியோ எடுத்து வையுங்கள்.

கோவைக்காரருக்கு இன்றே பதில் அனுப்புங்கள். பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளோடு சேலையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நிறம் வேறு என்று உங்களுக்கே தெரிந்தால், சேலை வந்து சேர்ந்ததும் எந்த நாளுக்குள் பணம் போகும் என்று தேதி சொல்லி எழுதுங்கள். பணத்தை அவர் முதலில் அனுப்பிய அதே கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். "வேறு எண்ணுக்குப் போடுங்கள்" என்றோ, ஏதோ கியூஆர் கோடை ஸ்கேன் செய்யச் சொல்லியோ கேட்டால் மறுத்துவிடுங்கள்.