கருவாட்டுக் கணக்கு: வாசகர் அனுப்பிய விடைகளும் என் பதில்களும்

சென்ற தடவை பயிற்சிக்காக ஒரு கணக்குக் கொடுத்திருந்தேன். திருகோணமலைக் கரையில் ஒரு கருவாட்டு வாடி. நாளொன்றுக்கு Q கிலோ கருவாடு போட்டால் மொத்தச் செலவு ரூபாவில் இப்படி வரும்:

```
TC = 32000 + 400Q + 20Q²
```

இலக்கங்கள் பயிற்சிக்காக வைத்தவை. 20 கிலோவில் எல்லைச் செலவு என்ன, கிலோ 2800 ரூபாவுக்கு விற்றால் எத்தனை கிலோ போடுவது நல்லது என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் சில இங்கே.

"சேர், 20 கிலோவில் எல்லைச் செலவு 2400 ரூபா என்று எழுதினேன். 48000-ஐ 20-ஆல் பிரித்தேன். அது ஏன் பிழை?" — உயர்தர மாணவர், கிண்ணியா

தம்பி, மொத்தச் செலவு 48000 என்று சரியாகவே எடுத்திருக்கிறீர்கள். ஆனால் அதை 20-ஆல் பிரித்ததும் கிடைத்தது சராசரிச் செலவு. இதுவரை போட்ட 20 கிலோவுக்கும் செலவைச் சமமாகப் பங்கிட்டால் ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்பதை அது சொல்கிறது. எல்லைச் செலவு கேட்பது வேறு: 20 கிலோவில் நிற்கும் வாடி இன்னும் ஒரு கிலோ போட்டால் செலவு எவ்வளவு கூடும்?

வகையிடத் தெரிந்தவர்கள் 400 + 40Q என்று எடுத்து 1200 என்று முடிப்பார்கள். அந்த விடையைச் சரிபார்க்க வகையீடு தேவையில்லை. 19, 20, 21 கிலோவுக்கு மொத்தச் செலவை எழுதுங்கள்: 46820, 48000, 49220. இருபதாவது கிலோ கூட்டிய செலவு 1180, இருபத்தோராவது கிலோ கூட்டியது 1220. சரியான விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கவேண்டும். 1200 அங்கே இருக்கிறது, 2400 கிட்டவும் வரவில்லை.

இன்னொரு சோதனையும் உண்டு. எல்லைச் செலவு சராசரியை விடக் குறைவாக இருக்கும்வரை, உற்பத்தி கூடக் கூடச் சராசரி கீழே இறங்கவேண்டும். 21 கிலோவில் சராசரி சுமார் 2344. இறங்கித்தான் இருக்கிறது. எல்லைச் செலவும் 2400 ஆக இருந்திருந்தால் சராசரி அந்த இடத்தில் அசையாமல் நின்றிருக்கும்.

இந்தக் குழப்பத்தால் வாடிக்காரருக்கு நேரடியாகவே நட்டம் வரும். வழக்கமான 20 கிலோவும் விற்றுப்போன பிறகு, ஒருவர் வந்து இன்னும் ஒரு கிலோவை 1800 ரூபாவுக்குக் கேட்கிறார் என்று வையுங்கள். 2400-ஐ மனதில் வைத்திருப்பவர் மறுத்துவிடுவார். உண்மையில் அந்த ஒரு கிலோவுக்குக் கூடும் செலவு 1220 தான், கொடுத்தால் 580 ரூபா மிஞ்சும். எல்லாக் கிலோவையும் 1800-க்கு விற்பது வேறு விஷயம். அப்படிச் செய்தால் 32000 ரூபா நிலையான செலவை மீட்கவே முடியாது.

"இலாபம் உச்சமாகும் அளவு எனக்கு 80 கிலோ என்று வந்தது. கூட்டாளிக்கு 60." — மாணவி, தம்பலகாமம்

கூட்டாளியின் விடைதான் சரி, தங்கச்சி. உங்கள் தாளில் பிழை தொடங்கும் வரி இது:

```
இலாபம் = 2800Q - 32000 + 400Q + 20Q²
```

மொத்தச் செலவு முழுவதும் அடைப்புக்குறிக்குள் இருக்கவேண்டும். வெளியே உள்ள கழித்தல் குறி உள்ளே இருக்கும் மூன்று உறுப்புகளுக்கும் போகவேண்டும், உங்களிடம் அது முதலாவதோடு நின்றுவிட்டது. சரியாக விரித்தால் 2400Q − 20Q² − 32000. வகையிட்டுப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் Q = 60, இலாபம் 40000 ரூபா.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது அடுத்த வரி. உங்கள் சமன்பாடு Q = −80 என்று கொடுத்திருக்கிறது. நீங்கள் அந்தக் கழித்தல் குறியை எடுத்துவிட்டு 80 என்று எழுதியிருக்கிறீர்கள். மறைக் கிலோ கருவாடு கிடையாது. அப்படி ஒரு விடை வந்தால் மேலே எங்கோ ஒரு குறி புரண்டிருக்கிறது, திரும்பிப் போய்த் தேடவேண்டும். குறியை அழித்தால் தடயமும் அழிந்துவிடும்.

சோதனைக்கு Q = 0 போட்டுப் பார்த்ததாகவும், −32000 சரியாக வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சோதனையால் இந்தப் பிழையைப் பிடிக்கவே முடியாது, ஏனென்றால் குறி தவறிய இரண்டு உறுப்புகளும் Q = 0 இல் மறைந்துவிடும். Q = 10 போட்டிருந்தால் உங்கள் கோவை 2000 ரூபா இலாபம் காட்டியிருக்கும். நேரடியாகப் பார்த்தால் வரவு 28000, செலவு 38000, அதாவது 10000 ரூபா நட்டம். அங்கேயே தெரிந்திருக்கும்.

முடிவு விடையைப் பக்கத்து இலக்கங்களாலும் சோதியுங்கள். 59 கிலோவில் இலாபம் 39980, 61 இலும் 39980. இரண்டு பக்கமும் குறைகிறது, ஆகவே 60 உச்சம்தான். 80 கிலோவில் வெறும் 32000.

"சராசரிச் செலவு ஆகக் குறைவாக இருப்பது 40 கிலோவில். அப்படியானால் அங்கேதானே இலாபம் கூட?" — நிலாவெளி

40 கிலோவில் சராசரி 2000, கிலோவுக்கு இலாபம் 800. அதைவிடக் கூடிய கிலோ இலாபம் வேறெங்கும் வராது, அது உண்மை. ஆனால் மொத்தம் 32000 தான். நாற்பத்தோராவது கிலோவுக்குக் கூடும் செலவு 2020, அது 2800-க்கு விலைபோகும். அதை ஏன் விடவேண்டும்? கூடும் செலவு விலையைத் தொடும்வரை போய்க்கொண்டே இருந்தால் 60-இல் நிற்பீர்கள். அங்கே கிலோ இலாபம் சுமார் 667 ஆகக் குறைந்தாலும் மொத்தம் 40000.

"நான் நூறு கிலோவை ஓர் அலகாக எடுத்தேன். எல்லைச் செலவு 120000 வந்தது." — மூதூர்

உங்கள் விடை சரி, அலகுதான் எழுதவில்லை. அது நூறு கிலோவுக்கு 120000 ரூபா, அதாவது கிலோவுக்கு 1200.

இப்படி அலகு மாற்றும்போது பலர் சறுக்குவது கடைசி உறுப்பில். 400 என்பது 40000 ஆகும்போது 20 என்பது 200000 ஆகவேண்டும், ஏனென்றால் அங்கே Q இரண்டு தடவை பெருகுகிறது. 2000 என்று போட்டவர்களுக்கு 20 கிலோவின் மொத்தச் செலவு 40080 என்று வரும். அலகை மாற்றியதற்காக வாடியின் செலவு மாறாது, 48000 வராவிட்டால் மாற்றம் பிழை.

ஒன்றை மறக்கவேண்டாம்: சராசரிச் செலவுக்கும் எல்லைச் செலவுக்கும் அலகு ஒன்றுதான், ரூபா / கிலோ. ஆகவே கிண்ணியாத் தம்பியின் பிழையை அலகுச் சோதனை காட்டாது.

"வீட்டில் மாதம் 125 யூனிட் மின்சாரம், பில் 5000 ரூபா. யூனிட் 40 ரூபா. பத்து யூனிட் குறைத்தால் 400 ரூபா மிச்சம் என்று மனைவியிடம் சொன்னேன். சரிதானே?" — உப்புவெளி

இல்லை ஐயா, இதுவும் அதே குழப்பம்தான். 40 ரூபா உங்கள் சராசரி. அதில் நிலையான கட்டணமும் மலிவான முதல் யூனிட்டுகளும் கலந்திருக்கின்றன. வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவதால், நீங்கள் குறைக்கும் பத்து யூனிட்டும் மேல் படிகளிலிருந்துதான் கழியும். 120-இல் படி மாறுவதால் ஐந்து ஒரு விலையிலும் ஐந்து அதற்குக் கீழ்ப் படி விலையிலும் கழியும். நிலையான கட்டணமும் படியைப் பொறுத்தது, அதுவும் இறங்கும்.

தற்போதைய கட்டண அட்டவணையை வைத்து 125 யூனிட்டுக்கு ஒரு பில், 115 யூனிட்டுக்கு ஒரு பில் என்று இரண்டையும் முழுதாகப் போட்டுக் கழியுங்கள். வரும் தொகை 400-ஐ விடக் கூடவே இருக்கும். அதை மனைவியிடம் சொல்லுங்கள்.