பட்டியல் இருந்தும் ஏன் ஓட்டம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அப்பா அம்மாவின் ஐம்பதாவது திருமண நாளை ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை கொண்டாடப் போகிறோம். இன்று ஏப்ரல் 12. ஒன்பது வாரம் இருக்கிறது. நோட்டில் 63 வேலைகள் எழுதியிருக்கிறேன். தங்கை வீட்டு விசேஷத்துக்கும் இப்படித்தான் பட்டியல் போட்டேன். ஆனாலும் கடைசிப் பத்து நாளில் எல்லாம் ஒன்றாக வந்து மேலே விழுந்தது. தேதியிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும் என்று நீங்கள் ஒருமுறை சொன்னீர்கள். அதை எப்படிச் செய்வது?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

உங்கள் நோட்டில் "அழைப்பிதழ்" என்று ஒரு வரி இருக்கும் என்று நினைக்கிறேன். அதை வேலை என்று சொல்ல மாட்டேன். அது ஒரு மூட்டை. பிரித்தால் உள்ளே ஏழெட்டு வேலைகள் இருக்கும், அவற்றில் பாதி நாம் செய்யும் வேலையே அல்ல, யாருக்காகவோ காத்திருப்பது. அச்சகத்துக்குப் போய்வர ஒரு மணி நேரம், அட்டை கைக்கு வரப் பத்து நாள். பட்டியலில் ஒரு மணி நேரம்தான் ஏறுகிறது, பத்து நாள் ஏறுவதில்லை. கடைசி வாரம் மேலே விழுந்தது இப்படி எழுதாமல் விட்ட நாட்கள்தான்.

அதனால் 63 வரிகளையும் இப்போதைக்கு மூடி வையுங்கள். ஒன்றுக்காக இன்னொன்று காத்திருக்கிற சங்கிலியை மட்டும் முதலில் எடுப்போம். பெரும்பாலான குடும்ப விசேஷங்களில் மிக நீளமான சங்கிலி ஆள் கணக்குதான். சாப்பாடு பொறுப்பேற்றவர் "எத்தனை பேர்" என்று கேட்கிற நாள்தான் அதன் முடிச்சு.

ஜூன் 14இலிருந்து பின்னால் நடந்து பார்க்கலாம். இறுதி எண்ணிக்கையை ஒரு வாரம் முன்னால் சொல்லியாக வேண்டும் என்றால், ஜூன் 7. அதற்கு முன் பதில் சொல்லாதவர்களைத் தேடிப் பிடிக்க ஒரு வாரம் வேண்டும், ஆகவே பதிலுக்குக் கடைசி நாள் மே 31. அட்டை கிடைத்தவர் வீட்டில் பேசி, விடுப்பு பார்த்து, பயணச்சீட்டு பார்த்துச் சொல்ல மூன்று வாரம் கொடுத்தால், அட்டை எல்லோர் கையிலும் இருக்க வேண்டிய நாள் மே 10. கொடுத்து முடிக்க ஒரு வாரம், அதாவது மே 3. புரூஃப் பார்ப்பதும் அச்சடிப்பதும் சேர்த்து இரண்டு வாரம், ஏப்ரல் 19. வாசகமும் யார் யார் பெயர் போடுவது என்பதும் வீட்டில் முடிவாக ஒரு வாரம், ஏப்ரல் 12. மண்டபத்தின் பெயர் இல்லாமல் அட்டை அடிக்க முடியாது. மண்டபம் பார்த்து முன்பணம் கட்ட இரண்டு வாரம், மார்ச் 29. எத்தனை பேர் வருவார்கள் என்று தோராயமாகவாவது தெரியாமல் மண்டபம் பார்க்க முடியாது. அதற்கு ஒரு வாரம், மார்ச் 22.

பன்னிரண்டு வாரம். உங்களிடம் இருப்பது ஒன்பது. ஆரம்பிக்கும் முன்பே மூன்று வாரம் பின்தங்கிவிட்டீர்கள். பதற வேண்டாம். இது இன்றே தெரிந்ததுதான் நல்லது, ஜூன் முதல் வாரத்தில் தெரிந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

மூன்று வாரத்தை எங்கே வெட்டுவது? எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ள வேண்டாம். அப்படிச் செய்தால் எதுவுமே சரியான நாளில் முடியாது. முதல் வாரம், அந்தத் தோராயக் கணக்கு: பெயர் பெயராக எழுத உட்கார்ந்தால்தான் வாரம் ஆகும். வீடு வீடாக எண்ணுங்கள், பெரியப்பா வீட்டில் ஆறு, மாமா வீட்டில் நாலு என்று. ஒரே மாலையில் முடியும், மண்டபம் பார்க்க அது போதும். இரண்டாவது வாரம், வாசகம்: மண்டபம் முடிவாகட்டும் என்று அது காத்திருக்க வேண்டியதில்லை. முகவரி வரியைக் காலியாக விட்டு மீதியை இந்த வாரமே எழுதி, பெரியவர்களிடம் காட்டி, பெயர் வரிசைச் சண்டையையும் முடித்துவிடுங்கள். மூன்றாவது வாரம், பதிலுக்கான மூன்று வாரத்தை இரண்டாக்குங்கள். நான் பார்த்த வரையில் பதில் சொல்கிறவர்கள் முதல் நாலைந்து நாளில் சொல்கிறார்கள், இல்லையென்றால் கடைசி நாளில் சொல்கிறார்கள். நடுவில் மௌனம்தான். வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் மண்டபம் முடிவான அன்றே தேதியையும் இடத்தையும் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். அவர்கள் அட்டைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

வெட்டக் கூடாதது ஒன்று உண்டு, பதில் சொல்லாதவர்களைத் தேடும் வாரம். எல்லோரும் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள், சும்மா இருக்கிற வாரம் போலத் தெரியும். "கண்டிப்பா வர்றோம்" என்று சொன்னவர் எத்தனை பேரோடு வருவார் என்பது அந்த வாரத்தில்தான் தெரியும். "வருவீர்களா?" என்று கேட்காதீர்கள், "எத்தனை பேர் வருகிறீர்கள்?" என்று கேளுங்கள். எண் வராத பதிலைப் பதிலாகவே எண்ணாதீர்கள்.

இப்படி வெட்டினால் கணக்கு ஒன்பது வாரத்துக்குச் சரியாக வருகிறது, ஆனால் ஒரு நாள் கூட மிச்சமில்லை. அதனால் முதல் வாரத்திலேயே மூன்று மண்டபங்களுக்கு மேல் பார்ப்பதில்லை என்று முடிவெடுங்கள். இரண்டு வார வேலை ஒரு வாரத்தில் முடிந்தால் கையில் ஒரு வாரம் நிற்கும். அதை வேலைகளுக்கெல்லாம் பங்கு போட்டுக் கொடுத்துவிடாதீர்கள், கொடுத்த நாளையெல்லாம் வேலை தின்றுவிடும். மொத்தமாக அப்படியே வைத்திருங்கள். சங்கிலியில் எது தடுக்கிக்கொண்டாலும் அதிலிருந்து எடுங்கள்.

புரூஃப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அங்கே எனக்கு ஒரு தழும்பு இருக்கிறது. என் அப்பாவின் எழுபதாவது பிறந்தநாள் அட்டையில் தேதி சரியாக இருந்தது, கிழமை தவறு. ஏழு பேர் புரூஃப் பார்த்தோம். ஏழு பேரும் அவரவர் பெயர் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்திருக்கிறோம். இருநூறு அட்டையிலும் கையால் திருத்த வேண்டியதாயிற்று. அப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். குடும்பத்தில் இல்லாத ஒருவர் கையில் புரூஃபையும் நாள்காட்டியையும் கொடுத்து, தேதி, கிழமை, நேரம், முகவரி நாலையும் உரக்கப் படிக்கச் சொல்வேன்.

சங்கிலி முடிந்த பிறகு 63 வரிகளைத் திறங்கள். ஒவ்வொன்றையும் வினையோடு எழுதுங்கள். "புகைப்படக்காரர்" வேண்டாம், "புகைப்படக்காரரிடம் தேதியை உறுதி செய்வது". பக்கத்தில் ஒரே ஒரு ஆள் பெயர், ஒரு தேதி. "நாம்" என்று எழுதிய வேலையை யாரும் செய்வதில்லை. ஞாயிறுதோறும் பதினைந்து நிமிடம் பாருங்கள். இரண்டு ஞாயிறு தள்ளிப்போன வரி இருந்தால் அது சோம்பல் இல்லை, உள்ளே இன்னொரு மூட்டை இருக்கிறது. பிரியுங்கள்.

சில வரிகளுக்கு இன்னொரு தேதியும் வேண்டும், "இதற்கு முன்னால் செய்யாதே" என்று. குழந்தைகளுக்கு இன்றைக்கே அளவெடுத்துத் தைத்தால் ஜூனில் குட்டையாகிவிடும். மே முதல் வாரம் அளவு கொடுங்கள், மே கடைசியில் போட்டுப் பாருங்கள், திருத்த இரண்டு வாரம் இருக்கும்.

ஜூன் 13க்கு இரண்டே வரிதான் எழுத வேண்டும். ஒன்று, மறுநாள் கொண்டுபோக வேண்டிய பையைக் கதவருகில் வைப்பது. இன்னொன்று, உங்கள் கைபேசியையும் எல்லோருடைய எண்களையும் தங்கை வீட்டுக்காரரிடமோ வேறு யாரிடமோ கொடுத்துவிடுவது. "மண்டபத்துக்கு எப்படி வருவது" என்று அன்று காலை வரும் முப்பது அழைப்புகளையும் அவரே எடுக்கட்டும்.