வீட்டை விற்றால் இன்சூரன்ஸ் கூடவே போகாது

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் இருக்கும் வீட்டை விற்கிறேன். அடுத்த வாரம் ஆதாரம், அதாவது கிரயப் பத்திரம், பதிகிறோம். வீட்டு இன்சூரன்ஸின் காலம் இன்னும் பாக்கி இருக்கிறது. ரத்து செய்வதா, வாங்குகிறவர் பேருக்கு மாற்றிக் கொடுப்பதா?

நீங்கள் இருப்பது பொள்ளாச்சி அல்லது கோவை, பாலிசி எடுத்ததும் அங்கேதான், வீடு மட்டும் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஒரு வருடப் பாலிசி என்றால் ரத்து செய்துவிடுங்கள். வாங்குகிறவர் அதே நாளில் தன் பெயரில் புதிதாக எடுக்கட்டும்.

ஆதாரம் எழுதும் இடத்திலேயே யாராவது, "வண்டி இன்சூரன்ஸ் மாதிரிதான், ஆளோட சேர்ந்து தானா மாறிடும்" என்பார்கள். நம்பாதீர்கள். வண்டியில் மூன்றாம் நபர் காப்பு மாறுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆம் பிரிவு இருக்கிறது. வீட்டுக்கு அப்படி ஒரு பிரிவு கிடையாது. தீ விபத்துப் பாலிசி என்பது கம்பெனிக்கும் உங்களுக்கும் இடையிலான தனிப்பட்ட ஒப்பந்தம். பழைய ஸ்டாண்டர்டு ஃபயர் பாலிசியின் பொது நிபந்தனையிலேயே, உயில் அல்லது வாரிசு வழியாக அல்லாமல் சொத்து கைமாறினால், சேதம் நடக்கும் முன்பே கம்பெனியின் எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் மாற்றத்தை ஏற்றுத் தரும் தாள், வாங்கியிருந்தால் ஒழிய காப்பு நின்றுவிடும் என்று இருக்கிறது. 2021 ஏப்ரலில் வந்த பாரத் க்ருஹ ரக்ஷா பாலிசி உங்களுடையது என்றால், அதில் விற்பனை, ரத்து பற்றிய பகுதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இதில் மாட்டிக்கொள்வது எப்படி என்று ஒரு கணக்கோடு பார்ப்போம். பாலிசி 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை. பிரீமியம் 3,650 ரூபாய், 18% ஜிஎஸ்டி 657, மொத்தம் 4,307. ஆதாரம் அக்டோபர் 27 அன்று. நவம்பர் 2 அன்று மழைக்காற்றில் தென்னை சாய்ந்து ஓட்டுக்கூரை நொறுங்குகிறது. நீங்கள் கிளெய்ம் போட்டால், அன்றைக்கு வீடு உங்களுடையது இல்லை, உங்களுக்கு நஷ்டமும் இல்லை என்பார்கள். வாங்கினவர் போட்டால், பாலிசியில் அவர் பெயர் இல்லை. பிரீமியம் கட்டிய பாலிசி கையில் இருந்தும் இரண்டு பேருக்கும் ஒன்றும் வராது. சொத்து மாற்றச் சட்டத்தின் 49ஆம் பிரிவைச் சிலர் கொண்டுவருவார்கள். அது விற்றவர் கைக்குப் பணம் வந்தால் அதை வீட்டைச் சீராக்கச் செலவிடும்படி வாங்கினவர் கேட்கலாம் என்கிறது, அவ்வளவுதான். கம்பெனி தரவே மறுக்கும்போது அது உதவாது.

இப்போது திரும்பி வரும் பணம். ஒரு வருடம் வரைக்குமான பாலிசியில் அந்தக் காலத்தில் கிளெய்ம் எதுவும் போடவில்லை என்றால், மீதி நாட்களுக்கு விகிதப்படி திருப்பித் தர வேண்டும் என்பது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கை. காரணம் சொல்லக்கூட வேண்டியதில்லை. மேலே சொன்ன கணக்கில் அக்டோபர் 27 வரை 210 நாள் ஓடிவிட்டது, மீதி 155 நாள். ஒரு நாளைக்கு 10 ரூபாய் வீதம் 1,550, அதற்கான ஜிஎஸ்டி 279, ஆக 1,829 ரூபாய். இதையே பொங்கல் வாக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஜனவரி 15க்கு எழுதினால், கடிதம் வந்த நாளில் இருந்துதான் கணக்குப் போடப் பார்ப்பார்கள். அப்போது மீதி 75 நாள், வரியோடு 885 ரூபாய். சின்னத் தொகைதான், ஆனால் உங்கள் தொகை.

எந்தத் தேதியைப் பிடிப்பது? ஆதாரத்தில் கையெழுத்திட்ட தேதியை. 27ஆம் தேதி கையெழுத்திட்டு 30ஆம் தேதி பதிவானாலும், பதிவுச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி அது கையெழுத்திட்ட நாளில் இருந்தே செல்லும். அதனால் வாங்குகிறவர் 26ஆம் தேதியே பணம் கட்டி 27 முதல் தொடங்கும்படி பாலிசி எடுக்கட்டும், உங்களுடையது 27 இரவோடு முடியட்டும். ஒரு நாள் இரண்டும் சேர்ந்து ஓடினால் கெட்டுப்போகாது, ஒரு நாள் இடைவெளி விழுந்தால்தான் ஆபத்து. வெறும் அட்வான்ஸ் ஒப்பந்தம் போட்ட நிலையில் ரத்து செய்துவிடாதீர்கள். சாவி கொடுத்திருந்தாலும் ஆதாரம் ஆகும் வரை வீடு உங்கள் பொறுப்பு.

கடிதத்தில் நீளமாக எதுவும் வேண்டாம். "இன்ன எண்ணுள்ள பாலிசியின் வீட்டை 27.10.2025 அன்று விற்றுவிட்டேன். அன்று இரவோடு பாலிசியை ரத்து செய்து மீதிப் பிரீமியத்தை என் கணக்கில் செலுத்தவும். இந்தக் காலத்தில் கிளெய்ம் எதுவும் போடவில்லை." கூடவே பாலிசி நகல், கிரயப் பத்திர நகல், கேன்சல் செய்த காசோலை. ஆதாரம் மலையாளத்தில் இருக்கும், கோவைக் கிளையில் அதைப் படிக்க ஆள் இருக்காது. தேதி, பெயர்கள், வீட்டு எண் வரும் பக்கத்துக்கு மட்டும் ஒரு மொழிபெயர்ப்பு இணைத்துவிட்டால் ஒரு சுற்று அலைச்சல் மிச்சம். போக்குவரவு எனும் பட்டா மாற்றம் ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ரத்துக்கு அது தேவையில்லை. கேரள ஆவணத்தில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், நம் வங்கிப் புத்தகத்தில் முன்னால். இந்தச் சின்ன வித்தியாசத்துக்கே பணம் திரும்பிப் போவதுண்டு. இரண்டும் ஒரே ஆள் என்று கடிதத்திலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். பணம் உங்கள் கணக்குக்குத்தான் வர வேண்டும், ஏஜென்ட் கணக்கில் வரவு வைக்க இன்சூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவு இடம் தரவில்லை.

வங்கிக் கடனில் வாங்கிய வீடு என்றால் பாலிசியில் வங்கியின் பெயரும் இருக்கும். கடன் முடிந்த ஆட்சேபனையின்மைச் சான்று இல்லாமல் கம்பெனி கை வைக்காது. இங்கே ஒரு எரிச்சலைச் சொல்லியே ஆக வேண்டும். கடன் கொடுக்கும்போது "வீட்டு இன்சூரன்ஸ் சார்" என்று சொல்லித் தலையில் கட்டுவது பல சமயம் வீட்டுக்கானதே இல்லை. கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பு அது. பல ஆயிரம் ரூபாயைக் கடனோடு சேர்த்து வட்டியும் போட்டு வாங்கிக்கொண்டு, அது என்ன என்று விளக்க ஒரு ஆள் இருக்க மாட்டார். உங்கள் தாளில் கட்டடத்தின் காப்புத் தொகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அது வேறு சமாச்சாரம், அதன் சரண்டர் தனி.

மாற்றிக் கொடுப்பது எப்போது சரி என்றால், பல வருடத்துக்கு மொத்தமாகக் கட்டியிருந்து, கம்பெனியும் ஒத்துக்கொண்டால். அப்போதும் வாங்குகிறவரின் புது விண்ணப்பம், கேஒய்சி, கிரயப் பத்திர நகல் எல்லாம் வேண்டும். எண்டார்ஸ்மென்ட் தாள் கையில் வரும் வரை மாறியதாக நினைக்கக் கூடாது. உங்கள் கட்டிலும் பீரோவும் உங்களோடு வந்துவிடுவதால் வீட்டுப் பொருள்களுக்கான காப்பை எடுத்துவிட்டுக் கட்டடத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். "விலை கொடுத்த தொகைக்கே காப்பு வேண்டும்" என்று வாங்குகிறவர் கேட்பார். மண்ணுக்கு இன்சூரன்ஸ் கிடையாது, கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவுதான் காப்புத் தொகை. மாற்ற மறுத்தாலும் நஷ்டமில்லை, இன்னும் தொடங்காத வருடங்களின் பிரீமியம் திரும்ப வரும். 2021 ஜூனில் எடுத்த பத்து வருடப் பாலிசி என்றால் 2025 அக்டோபரில் ஓடுவது ஐந்தாம் வருடம், ஆறு முதல் பத்து வரைக்குமானது பாக்கி. மொத்தமாகக் கட்டியதற்குத் தள்ளுபடி வாங்கியிருந்தால் சரிபாதி வராது.

சட்டம் படித்தவர்கள் வந்து, விற்பனைத் தொகையில் பாக்கி நின்றால் விற்றவருக்கும் சொத்தின் மேல் உரிமை உண்டே என்பார்கள். உண்டு, சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆம் பிரிவில் இருக்கிறது. பாக்கி இருந்தால் ரத்து செய்யும் முன் அதைக் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துக் கேளுங்கள். பாக்கி இல்லாத சாதாரண விற்பனைக்குத்தான் மேலே சொன்னது.

கடிதத்தைக் கிளையில் கொடுத்து முத்திரை வாங்குங்கள், அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால் கம்பெனியின் குறைதீர் அதிகாரி, அடுத்து ஐஆர்டிஏஐயின் புகார்த் தளமான பீமா பரோசா. புகார் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் தீரவில்லை என்றால் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மன், செலவு இல்லை. வீடு பாலக்காட்டில் என்பதற்காகக் கொச்சிக்குப் போக வேண்டாம். கிளை இருக்கும் இடம் அல்லது நீங்கள் குடியிருக்கும் இடம்தான் கணக்கு, உங்களுக்குச் சென்னை அலுவலகம்.