2 மிமீ தகட்டில் சேனல்: வெட்டும் நீளம்

"அண்ணே, துவாஸ் பட்டறையில் 2 மிமீ இரும்புத் தகட்டில் 30-50-30 சேனல், எல்லாம் வெளியளவு. 110 வெட்டி, 30-லும் 80-லும் கோடு போட்டு வளைத்தேன். கால் 31.8, நடு 53.5 வருகிறது. எவ்வளவு வெட்டணும்?"

தம்பி, அந்தக் கெட்டுப்போன துண்டைத் தூக்கிப் போடாதீங்க, விடை அதில்தான் இருக்கிறது. வெளியளவுகளைக் கூட்டினால் 117.1, வெட்டியது 110. மிச்சம் 7.1, இரண்டு வளைவுக்கு. அதாவது ஒரு வளைவுக்குக் கழிவு 3.55. வெளியளவுகளைக் கூட்டும்போது ஒவ்வொரு மூலையும் இரண்டு முறை எண்ணப்படுகிறது, தகடோ மூலையை உருண்டு குறுக்கே கடக்கிறது. அதுதான் காரணம்.

ஆக, 110-லிருந்து 7.1 போக 102.9 வெட்டுங்க. கோட்டையும் மாற்றணும்: விளிம்பிலிருந்து 28.2, அடுத்தது அங்கிருந்து 46.5. காலில் ஒரு வளைவின் பாதிக் கழிவு, நடுவில் இரண்டு பாதி.

கணக்கில் சரிபார்க்க, உள் ஆரம் 2, கே-ஃபேக்டர் 0.42 என்று வைத்தேன். BA என்பது வளைவுக்குள் போகும் தகட்டின் நீளம், BD ஒரு வளைவுக்குக் கழிவு:

```
BA = 1.5708 × (2 + 0.42 × 2) = 4.46
BD = 2 × (2 + 2) − 4.46 = 3.54
```

உங்கள் துண்டும் அதையே சொல்கிறது. ஆனால் இது இப்போது போட்டிருக்கும் வி-டைக்கு மட்டும். அகலமான டை போட்டால் ஆரம் பெரிதாகும், கழிவும் ஏறும். ஸ்டெயின்லெஸ் என்றாலும் புதுத் துண்டு ஒன்றை வளைத்து அளந்துவிடுங்க. அளக்குமுன் கோணம் 90 தானா பாருங்க; திறந்திருந்தால் அளவு பொய் சொல்லும்.