நெடி இல்லாமல் பூஞ்சை போகுமா?

கேள்வி: குளியலறை டைல்ஸ் இடுக்கெல்லாம் கறுத்துவிட்டது. கடையில் வாங்கிய ஸ்ப்ரேயை அடித்தால் நெடியில் நிற்க முடியவில்லை. வீட்டில் அம்மாவுக்கு ஆஸ்துமா. நெடி இல்லாத எதை வாங்கலாம்?

பாட்டிலின் பின்பக்கத்தைப் பாருங்கள். சோடியம் ஹைப்போகுளோரைட் என்று இருக்கும். அதுதான் பிளீச்; நெடி அதிலிருந்து வருகிறது. போதாததற்கு, ஸ்ப்ரே அதைப் பொடித்துளியாக்கிக் காற்றில் விடுகிறது. நீங்கள் முகத்தை நிமிர்த்திச் சுவரில் அடிக்கும்போது பாதி உங்கள் மூக்குக்குத்தான் போகிறது.

உங்களுக்கு ஏற்றது சோடியம் பெர்கார்பனேட் தூள். 'ஆக்சிஜன் பிளீச்' என்ற பெயரில், துணிக் கறை போக்கும் பொருட்களோடு வைத்திருப்பார்கள். வாசனையும் நிறமும் சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். வெந்நீரில் கரைந்ததும் இது ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சலவைச் சோடாவாகவும் பிரியும். பெராக்சைடு கறையை வெளுக்கும், சோடா அழுக்கை இளக்கும். குளோரின் என்ற பேச்சே இல்லை.

முதலில் சாதாரண சோப்புத் தண்ணீரால் சுவரைத் தேய்த்து அலசிவிடுங்கள். மேலே சோப்புப் படலம் இருந்தால் எந்த மருந்தும் பூஞ்சையைத் தொடாது. காய்ந்த பூஞ்சையைச் சுரண்டவும் வேண்டாம். அதன் வித்துகள் காற்றில் பறக்கும். நனைத்த பிறகே பிரஷ் போடுங்கள்.

பிறகு 50 டிகிரி அளவு சூடான அரை லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி தூளைக் கரையுங்கள். பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்பவர்கள் நிறைய. சுவரில் ஊற்றினால் அது நிமிடத்தில் வழிந்து ஓடிவிடும். அதனால் டிஷ்யூ பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்து, கரைசலில் தோய்த்து, இடுக்கின் மேல் நீளமாக ஒட்டி அழுத்துங்கள். அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும், காய்கிற மாதிரி தெரிந்தால் மேலும் கொஞ்சம் தடவுங்கள். பேப்பரை உரித்ததும் நைலான் பிரஷ்ஷால் தேய்த்து அலசுங்கள். பழைய கறை என்றால் இன்னொரு முறை செய்ய வேண்டியிருக்கும்.

இரண்டு எச்சரிக்கை. கரைசல் காரமானது, கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மீந்ததை மூடிய பாட்டிலில் எடுத்துவைக்காதீர்கள்: ஆக்சிஜன் வெளியேறிக்கொண்டே இருப்பதால் பாட்டில் உப்பி வெடிக்கும். சில மணி நேரத்தில் அதன் வீரியமும் போய்விடும், கொட்டிவிடலாம். நெடி இல்லாவிட்டாலும் வேலையை அம்மா செய்ய வேண்டாம். சுவரை அலசி முடிக்கும்வரை அவர் அந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது.

கேள்வி: மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு போதுமா?

3 சதவீதக் கரைசல், புதிதாகப் பரவிய மெல்லிய பூஞ்சைக்குப் போதும். துணியில் நனைத்து இடுக்கில் ஒற்றி 15 நிமிடம் விடுங்கள். வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும் என்பதால்தான் நிறமான பாட்டிலில் தருகிறார்கள். அதை வெளிச்சம் ஊடுருவும் பாட்டிலுக்கு மாற்றாதீர்கள். பழைய பாட்டில் என்றால் நறுக்கிய பச்சை உருளைக்கிழங்கில் சில சொட்டு விடுங்கள். நுரைக்காவிட்டால் உள்ளே இருப்பது ஏறக்குறைய வெறும் தண்ணீர்.

கேள்வி: 'பிளீச் இல்லாதது, இயற்கையானது' என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். சில மாதமாகத் தேய்க்கிறேன். இப்போது டைல்ஸ் இடுக்கு சிமென்ட் மணலாக உதிர்கிறது. என் தவறா?

உங்கள் தவறு இல்லை. உங்களை ஏமாற்றியது அந்த லேபிள். எனக்குத் தீராத ஆத்திரம் இந்த விஷயத்தில்தான்.

பாட்டிலின் முன்பக்கத்தில் என்ன 'இல்லை' என்பதைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். என்ன 'இருக்கிறது' என்பது பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. பிளீச் இல்லாத பாட்டிலில் பெரும்பாலும் இருப்பது அமிலம். சிட்ரிக், லாக்டிக், அசிட்டிக் என்று எந்தப் பெயரில் வந்தாலும், எலுமிச்சையிலிருந்து எடுத்ததாகவே இருந்தாலும், சிமென்டுக்கு அது அமிலம்தான். இடுக்குச் சிமென்டில் இருக்கும் சுண்ணாம்பை அது கரைத்துவிடும். முதலில் வெளுத்துப் பளிச்சென்று தெரியும். அழுக்கு போனதாக நினைப்போம், உண்மையில் போனது சிமென்டின் மேல்தோல். அடியில் தெரியும் சொரசொரப்பான பரப்பு இன்னும் அதிகமாகத் தண்ணீரைக் குடிக்கும், பூஞ்சை இன்னும் வேகமாகப் பிடிக்கும். நீங்கள் மறுபடி அதே பாட்டிலை வாங்குவீர்கள். நானும் அப்படி எலுமிச்சைப் படத்தை நம்பி ஒன்று வாங்கி, ஒரு சுவரின் இடுக்கைப் பாழாக்கியவன்தான்.

வாசனையும் இதே கதை. வாசனைத் திரவியம் நெடியை அகற்றுவதில்லை, மூக்குக்குத் தெரியாமல் மறைக்கிறது. நெடி தெரிந்தாலாவது ஜன்னலைத் திறப்போம்.

எளிய சோதனை ஒன்று உண்டு. உள்ளடக்கம் எழுதாத பாட்டில் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், சமையல் சோடாவின் மேல் ஒரு சொட்டு விடுங்கள். பொங்கினால் அமிலம். சிமென்ட் இடுக்கிலும் பளிங்குக் கல்லிலும் அதைப் போடாதீர்கள். உதிர்ந்த இடத்தை இனி மருந்தால் சரிசெய்ய முடியாது; தளர்ந்ததைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, புதிதாக இடுக்கு நிரப்ப வேண்டும். எபாக்சி என்ற பிசின் கலவையால் நிரப்பினால் தண்ணீரைக் குடிக்காது. பாட்டிலையும் பில்லையும் தூக்கி எறியாதீர்கள், உதிர்ந்த இடத்தைப் படம் எடுத்துவைத்து நிறுவனத்துக்குப் புகார் எழுதுங்கள்.

கேள்வி: பிளீச் ஸ்ப்ரே போதவில்லை என்று அதன் மேலேயே வினிகர் ஊற்றினேன். கண் எரிந்து இருமல் வந்துவிட்டது. எந்த விகிதத்தில் கலக்க வேண்டும்?

எந்த விகிதத்திலும் கலக்கக் கூடாது. உங்கள் கண்ணை எரித்தது குளோரின் வாயு. அமிலம் சேர்த்த கழிப்பறை கிளீனரோடு கலந்தாலும் இதே வாயுதான் வரும். அம்மோனியாவோடு கலந்தால் குளோரமைன் என்ற இன்னொரு நச்சு வாயு. பாட்டிலிலேயே 'வேறெதனோடும் கலக்காதீர்' என்று எழுதியிருக்கிறது, அதைப் படிக்காமல் எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். இருமலோ மூச்சு முட்டலோ இன்னும் இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: அடித்ததும் வெள்ளையானது, இரண்டே வாரத்தில் திரும்பக் கறுத்துவிட்டது. போலிச் சரக்கா?

போலி என்று சொல்ல முடியாது. பிளீச் நிறத்தைச் சட்டென்று எடுத்துவிடும். இடுக்கின் துளைக்குள் இருக்கும் பூஞ்சை பிழைத்துக்கொள்ளும். அடித்ததும் கழுவிவிட்டீர்களா? லேபிளில் சொன்ன நேரம் முழுக்க ஈரமாக இருந்தால்தான் வேலை நடக்கும்.

திரும்ப வராமலிருக்க பென்சால்கோனியம் குளோரைடு உள்ள ஸ்ப்ரே பயன்படும். நெடி குறைவு, பூஞ்சையைக் கொல்லும், ஆனால் பழைய கறையை வெளுக்காது. அதனால் கறையை எடுத்த பிறகே அதைப் போட வேண்டும். ஒன்று சொல்லியாக வேண்டும்: சிலருக்கு இதுவும் ஆஸ்துமாவைக் கிளறும், எனவே அடிக்காமல் துணியில் நனைத்துத் துடையுங்கள். எதைப் போட்டாலும், குளித்ததும் சுவர்த் தண்ணீரை வைப்பரால் வழித்துவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனை அரை மணி நேரம் ஓடவிடாவிட்டால் திரும்பத்தான் வரும்.

கேள்வி: வாஷ்பேசின் ஓரத்து சிலிக்கான் கோட்டில் மட்டும் கறுப்பு போகவே இல்லை. எந்த பிராண்ட் நல்லது?

எதுவும் வேண்டாம். பூஞ்சை சிலிக்கானுக்குள் இறங்கிவிட்டது; பிளேடால் அறுத்தெடுத்து, ஒரு நாள் காயவிட்டு, பூஞ்சைத் தடுப்பு சேர்த்த குளியலறை சிலிக்கானைப் புதிதாகப் போடுங்கள். 'நியூட்ரல்' வகையாகக் கேட்டு வாங்கினால் காயும்போது அந்த வினிகர் நெடியும் வராது.

கேள்வி: தரையோரம் இளஞ்சிவப்பாக வழவழவென்று படிகிறது. இதற்கு எந்தப் பூஞ்சை நீக்கி?

அது பெரும்பாலும் பூஞ்சை இல்லை, பாக்டீரியா. சோப்பும் பிரஷ்ஷும் போதும்.