கேள்வி-பதில்: வருஷா வருஷம் ஏறும் தவணை

மாதம் 1,000 கட்டுகிறேன். வருஷத்துக்கு ஒருமுறை 10 சதவீதம் கூட்டுவேன். 12 சதவீத வருமானம் என்று வைத்தால் 10 வருஷத்தில் எவ்வளவு சேரும்? எக்செல் ஓரளவு தெரியும்.

ஓரளவே போதும். நான் இதற்கென்று காசு கொடுத்து ஒரு செயலி வாங்கினேன். அது செய்ததெல்லாம் கீழே இருக்கும் மூன்று வரிதான். E1-இல் 12%, E2-இல் 10% என்று எழுதுங்கள். A5-இலிருந்து கீழே வருஷ எண், B5-இல் முதல் வருஷத் தவணை 1000. பிறகு:

```
C5: =FV($E$1/12,12,-B5,0,1)
B6: =B5*(1+$E$2)
C6: =FV($E$1/12,12,-B6,-C5,1)
```

B6, C6 இரண்டையும் 14-ஆம் வரிசை வரை இழுத்துவிடுங்கள். C பத்தியில் இருப்பது ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் கையிருப்பு. போன வருஷக் கையிருப்பு வட்டியோடு வளர்கிறது, இந்த வருஷத்தின் 12 தவணைகள் அதன்மேல் சேர்கின்றன, அவ்வளவுதான். மைனஸ் என்றால் உங்கள் கையை விட்டுப் போகும் பணம். கடைசி 1, மாதத் தொடக்கத்திலேயே கட்டுகிறீர்கள் என்பதற்கு. முதல் மூன்று வருஷம் 12,809, 28,524, 47,641 என்று வந்தால் ஷீட் சரி. பத்தாவது வருஷத்தில், அதாவது C14-இல், 3,37,433 நிற்கும். இது 12 சதவீதம் ஒரு மாதம் விடாமல் கிடைத்தால் வரும் தொகை. சந்தையோடு போகும் திட்டம் அப்படி நேர்கோட்டில் போகாது.

நீங்கள் சொல்லும் மாதிரிதான் போட்டேன். எனக்கு 1,37,848 வருகிறது. திட்டமே மோசமா?

திட்டம் இருக்கட்டும், டாலர் குறி எங்கே? அதை விட்டுவிட்டு இழுத்தால் E1 என்பது அடுத்த வரிசையில் E2 ஆகும், அதற்கடுத்து காலியான E3 ஆகும். மூன்றாவது வருஷத்தில் உங்கள் ஷீட் 10 சதவீத உயர்வையே வட்டி விகிதமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. நாலாவதிலிருந்து வட்டியே கிடையாது. தவணையும் 1,100-லேயே நின்றுவிட்டது. நாலாவது வருஷத்திலிருந்து ஒவ்வொன்றும் சரியாக 13,200 கூடுகிறதா என்று பாருங்கள், கூடும். காலிக் கட்டத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு ஷீட் வாயைத் திறக்காமல் போய்விடும். பத்து வரிசையை ஒரு தரம் கண்ணால் பார்த்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

முகவர் கொடுத்த அச்சிட்ட அட்டவணையில் இதே 1,000, 10 சதவீதம், 12 சதவீதத்துக்கு 3,71,176 என்று இருந்தது. அதை நம்பிச் சேர்ந்தேன். முதல் வருஷம் முடிந்து கணக்கு வந்ததும் அட்டவணையோடு பொருந்தவில்லை. கேட்டால் “சந்தை அப்படி” என்கிறார்.

சந்தை மேல் பழி போடுவது அவருக்குச் சௌகரியம். உங்கள் மேல் தப்பில்லை. அட்டவணையின் முதல் வருஷக் கடைசியில் 14,090 என்று போட்டிருக்கும், பாருங்கள். நீங்கள் கட்டியது 12 தடவை 1,000. அந்த 12,000-ஐயும் முதல் நாளே மொத்தமாகப் போட்டிருந்தால்கூட, மாதம் 1 சதவீதத்தில் வருஷக் கடைசியில் 13,522-ஐத் தாண்டாது. அப்புறம் 14,090 எங்கிருந்து வந்தது? முதல் வருஷத் தவணையையே 1,100 ஆக்கிவிட்டார்கள். முதல் வருஷத்துக்கு உயர்வே கிடையாது. இரண்டாவது வருஷம் ஒரு தடவை, மூன்றாவது வருஷம் இரண்டு தடவை என்றுதான் பெருக்க வேண்டும். ஒரு தடவை முன்னாலேயே பெருக்கியதால் எல்லா வரிசையும் பத்து சதவீதம் ஊதிப்போய், 3,37,433 என்பது 3,71,176 ஆனது. தெரியாமல் நடந்ததா, தெரிந்தே நடந்ததா என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பிழை வாங்குகிறவர் பக்கம் சாய்ந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

எந்த அட்டவணையையும் மாட்ட வைக்க ஒரு வழி உண்டு. வட்டியைப் பூஜ்யமாக்கிப் போட்டுத்தரச் சொல்லுங்கள். வரும் தொகை, பத்து வருஷத்தில் நீங்கள் கட்டப்போகும் தொகையேதான் இருக்க வேண்டும், அதாவது 1,91,249. அவர் கணக்கில் 2,10,374 வரும். கட்டாத பணம் அதில் எப்படி வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். அட்டவணையையும் முதல் வருஷ ரசீதுகளையும் பத்திரமாக வையுங்கள். நிறுவனத்துக்குப் புகார் எழுதும்போது 14,090 என்ற அந்த ஒரு வரியே போதும். அதைச் சந்தை மேல் போட அவர்களால் முடியாது.

என் ஷீட்டில் 3,37,433. நண்பன் ஷீட்டில் 3,26,890. யார் தப்பு?

யாரும் இல்லை. நீங்கள் 12-ஐ 12-ஆல் வகுத்து மாதம் 1 சதவீதம் போட்டீர்கள், அது வட்டிக்கு வட்டியோடு வருஷத்துக்கு 12.68 ஆகிறது. அவர் `(1+$E$1)^(1/12)-1` என்று போட்டு வருஷத்துக்குச் சரியாக 12 வரவைத்திருக்கிறார். விற்பவர் “வருஷத்துக்கு 12” என்று சொன்னால் நண்பர் கணக்கைப் பிடியுங்கள்.

கூட்டிக் கட்டினால் 3,37,433, கூட்டாமல் கட்டினால் 2,32,339 என்கிறது விளம்பரம். ஒரு லட்சத்துக்கு மேல் லாபம்தானே?

இந்த விளம்பரத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வித்தியாசம் 1,05,094. அதில் 71,249 உங்கள் சட்டைப்பையிலிருந்து கூடுதலாகப் போனது. கூட்டாமல் கட்டினால் மொத்தம் 1,20,000, கூட்டிக் கட்டினால் 1,91,249. பணம் சம்பாதித்துத் தந்த கூடுதல் 33,845 மட்டும். தன் பணத்தையே ஒருவனுக்கு லாபம் என்று காட்டுகிறார்கள். இரண்டு திட்டத்துக்கும் விகிதம் ஒன்றேதான், கூட்டிக் கட்டுவதால் அது ஒரு துளியும் ஏறாது.

சரி, இதையே சிலர் திருப்பிப் போட்டு ஏமாறுகிறார்கள். கூட்டாமல் கட்டியதற்கு 94 சதவீதம் லாபம், கூட்டிக் கட்டியதில் 76 தான், அப்போது கூட்டுவது நஷ்டமா என்று ஒருவர் கேட்டார். நஷ்டமில்லை. பெரிய தவணைகளெல்லாம் கடைசி வருஷங்களில் போகின்றன, வளர நாள் போதாது. பத்தாவது வருஷத்தின் கடைசித் தவணை 2,358. அதற்கு ஒரே ஒரு மாத வட்டிதான். D பத்தியில் `=12*B5` போட்டு இழுத்து, அடியில் கூட்டிப் பாருங்கள். கட்டியது எவ்வளவு என்ற அந்தக் கூட்டுத்தொகையை மட்டும் விளம்பரத்தில் ஏன் அச்சிடுவதே இல்லை?

மாதம் 1,000, வருஷம் 15 சதவீதம் கூடும் திட்டத்தில் 10 வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பின்னால் கஷ்டமாகுமா?

போடுவதற்கு முன்னால் E2-ஐ 15% ஆக்கி B14-ஐப் பார்த்திருக்க வேண்டும்: 3,518. இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நானும் 15-க்குத்தான் கையெழுத்துப் போட்டேன். ஆறாவது வருஷம் தவணை இரண்டு மடங்காகியிருந்தது, சம்பளம் ஆகவில்லை, பாதியில் நிறுத்தினேன். உயர்வுக்கு உச்சவரம்பு வைக்க உங்கள் திட்டம் விடுகிறதா என்று இன்றே கேளுங்கள். விட்டால் B6-இல் `=MIN(B5*(1+$E$2),2000)` என்று மாற்றி இழுங்கள். தவணை ஆறாவது வருஷத்தில் 2,000-ஐத் தொட்டு அங்கேயே நின்றுவிடும். C14 எவ்வளவு குறைகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.